குழவிப்பல்லும் பல் டாக்டரும்

மும்பையில் சயான் என்று ஓர் இடம். அங்கே ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் யாழினி என்ற குட்டிப்பெண் இருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. அவள் வாய்க்குள் இருபது பற்கள் இருந்தன. மேலே பத்து, கீழே பத்து. எல்லாமே பால்பற்கள்.

முன்வரிசைப் பற்களுக்கு எப்போதும் கொண்டாட்டம்தான். யாழினி சிரித்தால் போதும், வெளியே எட்டிப் பார்த்துவிடும். மழை பார்க்கும், ரயில் பார்க்கும், வடாபாவ் கடையையும் பார்க்கும். பார்த்ததை எல்லாம் பின்னால் இருக்கும் பற்களுக்குக் கதை கதையாகச் சொல்லும். அதில் பாதி புளுகு.

கீழ்வரிசையில், வலப்பக்கத்தில், கடைசிக் கோடியில் ஒரு குண்டுப் பல் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் குழவி. தோசை வந்தாலும் முறுக்கு வந்தாலும் கடக் மடக், கடக் மடக் என்று அரைத்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. அது இருந்த இடத்தில் எப்போதும் இருட்டு. தான் கறுப்பா வெள்ளையா என்றுகூட அதற்குத் தெரியாது.

காலையில் பிரஷ் வரும். முன்னால் நாலு தேய், பக்கத்தில் ரெண்டு தேய், அவ்வளவுதான், ஓடிவிடும்.

"நான் இங்கே இருக்கிறேன்! இங்கே!" என்று குழவி கத்தும்.

பிரஷ்ஷுக்குக் காது ஏது?

ஒருநாள் பாட்டி கடலைமிட்டாய் கொடுத்தாள். குழவிக்கு ஒரே குஷி. கடக் மடக், கடக் மடக்! கடைசியில் ஒரு துணுக்கு மட்டும் குழவியின் தலையில் இருந்த பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாக்கு அத்தை வந்து தள்ளிப் பார்த்தாள். இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள். துணுக்கு அசையவில்லை. அத்தை சும்மா இருப்பாளா? மறுநாளும் அதையே நோண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கடைசிப் பல்லில் என்னவோ இருக்கிறது" என்றாள் யாழினி.

அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். "சரி கண்ணு, பல் டாக்டரிடம் காட்டிவிடலாம்" என்றாள்.

அவ்வளவுதான், வாய்க்குள் ஒரே கலவரம்.

"பல் டாக்டரா? அவரிடம் பெரிய கொறடு இருக்குமாம்!" என்றது கோரைப்பல்.

"யார் சொன்னது?"

"முன்பல் சொன்னது."

"உனக்கு யார் சொன்னது முன்பல்லே?"

முன்பல் கொஞ்சம் யோசித்தது. "யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்."

குழவி மெதுவாக நாக்கு அத்தையைக் கூப்பிட்டது. "அத்தை, எனக்குப் பயமாக இருக்கிறது."

"இருக்கட்டுமே. பயத்தையும் கூட்டிக்கொண்டு போவோம். ரயிலில் நிறைய இடம் இருக்கும்" என்றாள் அத்தை.

மும்பை ரயிலில் நிறைய இடமாம்! அத்தைக்கு ருசி தெரியும், மற்றபடி உலகம் தெரியாது, பாவம்.

சனிக்கிழமை வந்தது. மழை கொட்டியது. சயானில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. இறங்கியதும் அம்மா ஒரு முழம் மல்லிகை வாங்கி யாழினியின் தலையில் வைத்தாள். அப்புறம் ஒரு மாடிப்படி. அப்புறம் ஒரு கண்ணாடிக் கதவு.

உள்ளே நீளமாக ஒரு நாற்காலி இருந்தது. யாழினி ஏறி உட்கார்ந்தாள். டாக்டர் அக்கா ஒரு பொத்தானை அழுத்தினார். ஜ்ஜ்ஜ்ஜ்... நாற்காலி மேலே போனது! இன்னொரு பொத்தான். அப்படியே பின்னால் சாய்ந்தது! யாழினிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், "எங்கே, ஆ காட்டு பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அப்பாடா!" என்றன பற்கள். "பிழைத்தோம்!"

குழவி மட்டும் சும்மா இருந்தது. பள்ளத்தில் இருந்த துணுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கொறடு இருக்குமோ? இருந்தால் இருக்கட்டும். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டால் என்ன?

"கதவைத் திறங்கள்!" என்று குழவி கத்தியது. "முதலில் என்னைப் பார்க்கட்டும்!"

"நீயா?" என்றது கோரைப்பல். "கடைசியில் இருக்கிற நீயா?"

"ஆமாம், நான்தான். அத்தை, மேலே அண்ணத்தில் ஒரு கிச்சுகிச்சு மூட்டுங்களேன்!"

அத்தை நுனியை வளைத்தாள். கிச்சு... கிச்சு... கிச்சு! யாழினியால் அடக்க முடியவில்லை. 'ஹஹ்ஹா' என்று சிரித்துவிட்டாள். வாய் திறந்தது!

ஒரே வெளிச்சம்! குழவி இதுவரை இவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்ததே இல்லை. அந்த வெளிச்சத்தின் நடுவே, ஒரு குச்சியின் முனையில், வட்டமாக ஏதோ ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. வந்து குழவியின் பக்கத்தில் நின்றது. அதற்குள் ஒரு குண்டுப் பல் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. தலையில் ஐந்து குட்டி மேடுகள், நடுவில் பள்ளம், பள்ளத்தில் பழுப்பாக ஒரு துணுக்கு.

"வணக்கம்" என்றது குழவி. "உங்களுக்கும் கடலைமிட்டாயா?"

பதில் இல்லை.

"குழவி, அது கண்ணாடிடா!" என்றாள் நாக்கு அத்தை. "அது நீதான்!"

"நானா? நான் இவ்வளவு அழகா?"

டாக்டர் அக்கா வளைந்த கம்பி ஒன்றால் துணுக்கை மெல்ல நெம்பினார். டப்! வெளியே வந்துவிட்டது. அப்புறம் தண்ணீர் வந்தது, சர்ர்ர். காற்று வந்தது, புஸ்ஸ்ஸ். ஒரு குழாய் வந்து தண்ணீரை எல்லாம் உறிஞ்சியது, உர்ர்ர்ர். கடைசியாக, சுழலும் குட்டி பிரஷ் ஒன்று ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தது. எல்லாப் பற்களும் கூச்சத்தில் நெளிந்தன. கோரைப்பல்தான் ரொம்பச் சிரித்தது.

டாக்டர் பற்களை எண்ணினார். யாழினி மனத்துக்குள் கூடவே எண்ணினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது!

"ஓட்டை எதுவும் இல்லை" என்றார் டாக்டர். "ஆனால் கடைசிப் பல்லில் பள்ளம் ஆழமாக இருக்கிறது. பிரஷ் அங்கே வரை போக வேண்டும். காலையில் ஒரு தடவை, படுக்கும் முன்பு ஒரு தடவை. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். அம்மா கூட இருந்து தேய்த்துவிடட்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி வா."

"அந்தப் பல்லை நானும் பார்க்கலாமா?" என்றாள் யாழினி.

டாக்டர் பெரிய கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்தார். யாழினி வாயை ஆவென்று திறந்து உள்ளே பார்த்தாள்.

"அம்மா, எவ்வளவு குண்டு!"

குழவிக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று இரவு தயிர்சாதம் சாப்பிட்ட பிறகு பிரஷ் வந்தது. இந்த முறை அம்மா பிடித்திருந்தாள். முன்னால் தேய்த்தது, பக்கத்தில் தேய்த்தது, அப்புறம் உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே வந்து குழவியின் எதிரில் நின்றது.

"வா வா" என்றது குழவி. "வழி கண்டுபிடிக்க இவ்வளவு நாளா?"

விளக்கு அணைந்ததும் பற்கள் எல்லாம் குழவியைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்டன. குழவி சொன்னது. அதில் பாதி புளுகு.

கீழ் முன்பல் மட்டும் பேசாமல் இருந்தது. "உனக்கு என்ன?" என்று கேட்டது குழவி.

"யாரிடமும் சொல்லாதே. நான் லேசாக ஆடுகிறேன்."

"அது ஒன்றுமில்லைடா" என்றாள் நாக்கு அத்தை. "உனக்கு அடியில் புதுப் பல் ஒன்று வளர்கிறது, நீ இடம் விட வேண்டும். நீ விழுந்ததும் பாட்டி உன்னைக் கூரைமேல் எறிந்துவிடுவாள். ஊரில் அப்படித்தான் செய்வார்கள்."

"ஏழாவது மாடிக்கு மேலேயா?" என்றது முன்பல். "பாட்டிக்கு அவ்வளவு உயரம் எறிய வருமா?"

குழவி கொஞ்ச நேரம் யோசித்தது.

"லிஃப்ட் இருக்கிறதே" என்றது.