இரண்டு பத்து

தலையணைக்குப் பக்கத்தில் இருந்த போன் அலறியது. மணி இரண்டு பத்து. திரையில் 58, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு.

சுபா விளக்கைப் போடாமல் நகுலின் அறைக்குள் போனாள். முதலில் பார்த்தது அவன் முகத்தை அல்ல, இடது கையை. சுகரை அளக்கும் சென்சார் ஒட்டியிருந்த கையை உடம்புக்கு அடியில் போட்டுப் படுத்திருந்தான். அப்படி அழுத்திப் படுத்தால் அந்த இடத்துத் திசுவில் ஓட்டம் குறைந்து, சுகர் சரியாக இருந்தாலும் சென்சார் குறைத்துக் காட்டும். இந்த மாதிரிப் பொய் அலாரம் மாதத்தில் நாலைந்து வரும். அவனைப் புரட்டிப் போட்டாள். எண் ஏறச் சில நிமிடங்களாவது ஆகும். அதுவரை சும்மா நிற்க முடியாது.

மேஜை விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். மீட்டரில் ஸ்ட்ரிப்பைச் செருகி, அவன் மோதிர விரலின் ஓரத்தில் குத்தினாள். நடுவில் குத்தினால் வலி அதிகம், மறுநாள் கிதார் வாசிக்க முடியாது என்று சண்டைக்கு வருவான்.

131.

அப்பாடா என்றிருந்தது. அறையை விட்டு வெளியேறப் போனவள், பழக்கத்தில் அவன் பிடரியைத் தொட்டாள். ஈரம். பனியன் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் விரலை விளக்கருகே இழுத்துப் பார்த்தாள். நுனியில் வெள்ளைத் தூள், பிசுபிசுப்பு. தலையணைக்கடியில் கைவிட்டாள், குளுக்கோஸ் மாத்திரைக் குழாய், மூடி திறந்தபடி.

ஈரத்துணியால் விரலைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். விரலில் குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் எண் கூடுதலாகப் பொய் சொல்லும். ஈரம் மிச்சமிருந்தால் ரத்தம் நீர்த்து, குறைவாகப் பொய் சொல்லும். புது ஸ்ட்ரிப். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை வைத்தாள்.

56.

"நகுல். எழுந்திரு."

"ம்... போம்மா."

"லோ. உட்காரு."

எழுந்து உட்கார்ந்தான், கண் திறக்கவில்லை. ஆனால் தலை நின்றது, கேட்டதற்குப் பதில் வந்தது. அது போதும். பதில் வராத இரவுக்கென்று, சுகரை ஏற்றும் மருந்தான குளுக்ககான் இழுப்பறையில் இருக்கிறது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரை ஏறிவிடும்.

அலமாரியில் பதினைந்து கிராம் குளுக்கோஸ் பொடி போட்ட சின்ன டப்பாக்கள் வரிசையாக இருந்தன. தராசில் நிறுத்து வைத்தவை. தூக்கக் கலக்கத்தில் ஸ்பூன் எண்ணுகிற வேலையை அவள் நம்புவதில்லை. அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். மடமடவென்று குடித்தான்.

"மாத்திரை எத்தனை சாப்பிட்டே?"

"ஒண்ணு. நடுக்கமா இருந்துச்சு. அப்புறம் தூங்கிட்டேன்."

ஒன்றில் நாலு கிராம்தான். நாலு மாத்திரை போட வேண்டிய இடத்தில் ஒன்று.

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"தினமும் கூப்பிட்டா நீ எப்போ தூங்குவே?"

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். இந்தப் பதினைந்து நிமிடம்தான் கொடுமை. சென்சாரில் எண் இன்னும் இறங்கியது: 55, 53. சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை. அங்கே சர்க்கரை போய்ச் சேரத் தாமதமாகும். தெரிந்தும் கை இரண்டாவது டப்பாவுக்குப் போனது. அதையும் கொடுத்தால் விடியும்போது 280-ல் எழுந்து, தலைவலியோடு பள்ளிக்குப் போவான். டப்பாவை வைத்துவிட்டாள்.

"படுக்கும்போது 142 இருந்ததே?"

நகுல் கால்விரலைப் பார்த்தான். "ஃபுட்பால் முடிஞ்சு வந்தப்போ 236. பத்தரைக்கு மூணு யூனிட் போட்டேன்."

142 பார்த்தது பதினொன்றே முக்காலுக்கு. அப்போதே எண் சரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் அம்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறாள். வேக இன்சுலின் நாலு மணி நேரமாவது உடம்பில் வேலை செய்யும். ஆட்டத்தில் காலியான தசைகள் வேறு ராத்திரி முழுக்கச் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். வேகமாக ஓடி முடித்த உடனே ஏறும் சுகர் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும்.

இரண்டு நாற்பதுக்கு விரலில் 84. சென்சார் இன்னும் 61-லேயே நின்றது. இன்சுலின் மிச்சம் இருந்ததால் இரண்டு பிஸ்கட்டும் பாலும் கொடுத்தாள். மூன்றே காலுக்கு இன்னொரு முறை பார்க்க போனில் மணி வைத்தாள்.

"அந்த அலாரம் என் போன்ல வைம்மா," என்றான். "நான் குத்திப் பார்த்து உனக்கு அனுப்பறேன்."

"தூங்கிட்டேன்னா?"

"அஞ்சு நிமிஷத்துல நான் அனுப்பலேன்னா நீ வா."

அவள் யோசித்தாள். "மூணு நிமிஷம். ஆட்டம் இருக்கிற நாள்ல லோ அலாரம் எழுபது கிடையாது, தொண்ணூறு."

"தொண்ணூறா? ராத்திரி பூரா கத்திக்கிட்டே இருக்கும். எண்பது."

"எண்பத்தஞ்சு. ஆடி முடிச்ச ராத்திரி, என்கிட்ட சொல்லாம ஊசி கிடையாது."

"சரி," என்று போனை நீட்டினான். "கையைக் கழுவிட்டு வரேன், நீ செட் பண்ணு."