பொங்கல் விடுமுறை, மூன்றாம் பருவக் கட்டணம், கீழடிப் பயணம்: ஒரு பள்ளிச் சுற்றறிக்கையும் பெற்றோர் வினாக்களும்

கீழே உள்ள சுற்றறிக்கை மதுரையில் உள்ள ஒரு மெட்ரிக் பள்ளி பெற்றோருக்கு அனுப்பியது. அதைப் படித்தபின் வினாக்களுக்கு வாருங்கள். வினாக்களில் வரும் தாயின் மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் ஐந்தாம் வகுப்பிலும் இப்பள்ளியில் படிக்கிறார்கள். இருவரும் பள்ளிப் பேருந்தில் சென்று வருகிறார்கள்.

சுற்றறிக்கை

நாள்: 07.01.2026

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொங்கல் திருநாளை முன்னிட்டு ஜனவரி 14 புதன்கிழமை முதல் 18 ஞாயிற்றுக்கிழமை வரை பள்ளிக்கு விடுமுறை. பள்ளி 19ஆம் தேதி திங்கட்கிழமை வழக்கம்போல் இயங்கும். போகிப் பண்டிகையான 14ஆம் தேதி அரசு விடுமுறை நாள் அல்ல என்பதால், அதற்கு ஈடாக 24ஆம் தேதி சனிக்கிழமை முழு வேலை நாளாக இருக்கும். அன்று புதன்கிழமைக்குரிய பாடவேளைகள் நடைபெறும், பேருந்துகளும் இயங்கும். 26ஆம் தேதி குடியரசு தினத்தன்று காலை 8 மணிக்குக் கொடியேற்றம் நடைபெறும். ஆறாம் வகுப்பு முதல் பயிலும் மாணவர்கள் மட்டும் சீருடையில் வர வேண்டும். அன்று பேருந்து வசதி இல்லை.

மூன்றாம் பருவக் கல்விக் கட்டணம் ஐந்தாம் வகுப்புக்கு ரூ.6,000, எட்டாம் வகுப்புக்கு ரூ.7,500. பேருந்துக் கட்டணம் மாணவர் ஒருவருக்கு ரூ.2,400. கட்டணத்தை ஜனவரி 20ஆம் தேதிக்குள் அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். 21ஆம் தேதி முதல், பள்ளி வேலை நாள் ஒன்றுக்கு மாணவர் ஒருவருக்கு ரூ.20 தாமதக் கட்டணம் சேரும். பணம் செலுத்தும் நாளும் இக்கணக்கில் அடங்கும். உடன்பிறந்தோர் இருவர் பயின்றால் இளையவரின் கல்விக் கட்டணத்தில் 10 விழுக்காடு சலுகை உண்டு. இச்சலுகை உரிய தேதிக்குள் செலுத்துவோருக்கு மட்டுமே பொருந்தும். அவகாசம் தேவைப்படுவோர் 13ஆம் தேதிக்குள் முதல்வருக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்தால், 29ஆம் தேதியே அவர்களுக்கு உரிய தேதியாகக் கொள்ளப்படும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் கீழ் 25 விழுக்காட்டு இடங்களில் சேர்ந்தவர்களிடம் கல்விக் கட்டணம் பெறப்படாது. பேருந்தைப் பயன்படுத்தினால் அதற்குரிய தொகையை மட்டும் செலுத்த வேண்டும்.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை சிவகங்கை மாவட்டத்திலுள்ள கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள். காலை 9 மணிக்குப் புறப்பட்டு மாலை 5 மணிக்குப் பள்ளிக்குத் திரும்புவார்கள். செலவுத் தொகை ரூ.250. மதிய உணவை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். இத்துடன் உள்ள அனுமதிச் சீட்டில் பெற்றோர் கையொப்பமிட்டு 22ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் தர வேண்டும். அலைபேசிச் செய்தி மூலம் தரும் ஒப்புதல் ஏற்கப்படாது. அனுப்ப விரும்பாதவர்களும் அதைக் குறிப்பிட்டுச் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். அம்மாணவர்களுக்கு அன்று வகுப்பு உண்டு. வழக்கமான பேருந்துகள் மாலை 4.15-க்குப் புறப்பட்டுவிடும். சீட்டில் பெயர் குறிப்பிடப்பட்டவரிடம் மட்டுமே பிள்ளை ஒப்படைக்கப்படும்.

இப்படிக்கு,
முதல்வர்

வினாக்களும் விடைகளும்

24ஆம் தேதி சனிக்கிழமை உறவினர் வீட்டில் காதுகுத்து. அன்று பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டா?

உண்டு. போகிக்கு விட்ட விடுமுறையை ஈடுசெய்யும் நாள் அது. காதுகுத்துக்குப் போவதென்றால் விடுப்புக் கடிதம் தர வேண்டும். புத்தகப் பையில் புதன்கிழமைக்குரிய புத்தகங்களை வைக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

குடியரசு தினத்தன்று இருவரையும் அனுப்ப வேண்டுமா?

மகள் மட்டும் போனால் போதும். பேருந்து வராது என்பதால் வீட்டிலிருந்து யாராவது கொண்டுபோய் விட வேண்டும்.

கையில் பணம் 27ஆம் தேதிதான் வரும். அன்று செலுத்தினால் மொத்தம் எவ்வளவு ஆகும்?

தாமதக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஏதோ நூறு இருநூறு கூடும் என்று பெற்றோர் பலர் விட்டுவிடும் இடம் இதுதான். 21 முதல் 27 வரை நாள்கள் ஏழு. ஆனால் 25 ஞாயிற்றுக்கிழமையும் 26 குடியரசு தினமும் வேலை நாள்கள் அல்ல. 24 சனிக்கிழமை என்றாலும் வேலை நாள். ஆக ஐந்து நாள்களுக்கு ஒரு பிள்ளைக்கு ரூ.100 வீதம் இருவருக்கும் ரூ.200 சேரும். இத்தோடு முடிந்துவிடவில்லை. உரிய தேதி தாண்டிவிட்டதால் மகனுக்குரிய ரூ.600 சலுகையும் போய்விடும். கல்விக் கட்டணம் ரூ.13,500, பேருந்துக் கட்டணம் ரூ.4,800, தாமதக் கட்டணம் ரூ.200 என மொத்தம் ரூ.18,500 கட்ட வேண்டியிருக்கும்.

அந்தக் கூடுதல் தொகையைத் தவிர்க்க வழி உண்டா?

உண்டு, ஆனால் அது பொங்கலுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமைக்குள் அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டால் 29ஆம் தேதி உரிய தேதியாகிவிடும்; 27ஆம் தேதி செலுத்தினாலும் தாமதக் கட்டணம் இல்லை, சலுகையும் நிற்கும். அப்போது மொத்தம் ரூ.17,700, மிச்சம் ரூ.800. கடிதத்தை இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவிலும், மகன் ஐந்தாம் வகுப்பு ‘அ’ பிரிவிலும் படிக்கிறார்கள். எங்களுக்கு இம்மாதம் 27ஆம் தேதிதான் பணம் கைக்கு வரும் என்பதால், இருவருக்குமான மூன்றாம் பருவக் கட்டணத்தை அன்று செலுத்த அனுமதி வழங்குமாறும், மகனுக்குரிய உடன்பிறந்தோர் சலுகையைத் தொடருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கட்டணம் வாங்கும் எழுத்தருக்கு முதல்வர் தந்த அனுமதி தெரியாமல் இருக்கலாம்.

மகளைக் கீழடிக்கு அனுப்ப விருப்பம். “அனுப்புகிறேன்” என்று வகுப்பாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டால் போதாதா?

போதாது. கையொப்பமிட்ட சீட்டுதான் வேண்டும். பிள்ளைகளை மாவட்ட எல்லை தாண்டி அழைத்துப் போகும்போது பெற்றோரின் ஒப்புதல் காகிதத்தில் இருக்க வேண்டும் என்று பள்ளி கேட்பது நியாயமே. அனுப்ப விருப்பமில்லாதவரும் சீட்டைத் தர வேண்டும். தராமல் விட்டால், மறுத்தார்களா மறந்தார்களா என்பது ஆசிரியருக்குத் தெரியாது.

மாலையில் மகள் பள்ளிப் பேருந்திலேயே வீடு திரும்பலாமா?

முடியாது. பேருந்து 4.15-க்கே போய்விடும், மகள் வந்து சேர்வது 5 மணிக்கு. சுற்றறிக்கை இதை நேரடியாகச் சொல்லவில்லை; இரண்டு நேரங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். மகனுக்குப் பயணம் இல்லை என்பதால் அவன் வழக்கமான பேருந்திலேயே வந்துவிடுவான். அவனை வீட்டில் வாங்கிக்கொள்ள ஒருவரும், பள்ளிக்குப் போய் மகளை அழைத்துவர இன்னொருவரும் தேவை. தாத்தா அழைத்துவருவதாக இருந்தால் அவர் பெயரைச் சீட்டில் எழுத வேண்டும். பெயர் இல்லாவிட்டால் சொந்தத் தாத்தாவே வாசலில் நின்றாலும் பிள்ளையை ஒப்படைக்க மாட்டார்கள்.

மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அதை எங்கே தெரிவிப்பது?

சுற்றறிக்கையில் இதற்கென்று ஒரு வரியும் இல்லை. ஆகவே சீட்டிலேயே கையொப்பத்துக்கு மேல் தெளிவாக எழுதிவிட வேண்டும். அந்தத் தாய் எழுதியது:

“என் மகளைக் கீழடிப் பயணத்துக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன். ரூ.250 இத்துடன் இணைத்துள்ளேன். அவளுக்குத் தூசி பட்டால் மூச்சிரைப்பு வரும். இன்ஹேலர் பையின் முன் அறையில் இருக்கும், எப்படிப் பயன்படுத்துவது என்பது அவளுக்கே தெரியும். இரண்டு முறை எடுத்தும் மூச்சிரைப்பு அடங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று எனக்குத் தெரிவிக்கவும். மாலை 5 மணிக்கு அவளுடைய தாத்தா வந்து அழைத்துச் செல்வார். அவர் பெயரைச் சீட்டின் கீழே எழுதியிருக்கிறேன்.”