அகாசியின் ‘ஓப்பன்’: சொன்னது ஒருவர், எழுதியது இன்னொருவர்

ஓய்வு பெற்ற விளையாட்டு வீரர்களின் சுயசரிதை என்றால் எனக்கு இப்போதெல்லாம் பயம். பாதிக்கு மேல் ஸ்கோர்கார்டை வாக்கியமாக்கி வைத்திருப்பார்கள், மீதி நன்றியுரை. அப்படி இல்லாத ஒன்று என்பதால்தான் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசி 2009ல் வெளியிட்ட ‘ஓப்பன்’ புத்தகத்தை இரண்டாம் முறை படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதல் அத்தியாயமே 2006 யுஎஸ் ஓப்பன், அவருடைய கடைசிப் போட்டித் தொடர். பிறவியிலேயே முதுகெலும்பில் கோளாறு உள்ள மனிதர், ஹோட்டல் அறையில் கட்டிலில் படுக்க முடியாமல் தரையில் தூங்கி எழுகிறார். டென்னிஸ்தான் தன் பிழைப்பு, ஆனால் டென்னிஸை வெறுக்கிறேன் என்கிறார். எட்டு கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவர் இதைச் சொன்னால் விளம்பரத்துக்கு என்றுதான் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. அடுத்த அத்தியாயத்தில் ஏழு வயதுப் பையனாக லாஸ் வேகஸ் வீட்டுக் கோர்ட்டில் நிற்கிறார், எதிரே அப்பா மாற்றியமைத்த பந்து எறியும் இயந்திரம், பையன் அதற்கு வைத்த பெயர் டிராகன். ஒரு நாளைக்கு 2,500 பந்து, வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம். பந்து வலைக்கு மேலே நன்றாக ஏறிப் போக வேண்டும் என்று அப்பா வலையையே ஆறு அங்குலம் உயர்த்தி வைத்திருக்கிறார். இதைப் படித்த பிறகு அந்த வெறுப்பை நான் சந்தேகப்படவில்லை.

புத்தகம் வந்தபோது எல்லோரும் பேசியது 1997ல் அவர் கிரிஸ்டல் மெத் என்ற போதைப்பொருளை எடுத்ததைப் பற்றி. சோதனையில் மாட்டிக்கொண்டு, உதவியாளர் குளிர்பானத்தில் கலந்து வைத்திருந்ததைத் தெரியாமல் குடித்துவிட்டேன் என்று ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்புக்குப் பொய்க் கடிதம் எழுதித் தப்பித்திருக்கிறார். ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்தான். ஆனால் ஒப்புக்கொண்டது ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து, பட்டமோ பரிசுப் பணமோ பறிபோகாத காலத்தில். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எனக்கு அதைவிட நேர்மையாகப் பட்டது இரண்டு இடங்கள். ஒன்று, 1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு. அவருடைய புகழ்பெற்ற நீள முடி உண்மையில் விக், அது குளியலறையில் பிய்ந்துபோகிறது. அண்ணன் கிளிப் கிளிப்பாகக் குத்தி ஒட்டவைக்கிறார். மறுநாள் கோர்ட்டில் இறங்கும் முன் அகாசி வேண்டிக்கொள்வது வெற்றிக்காக இல்லை, விக் கழன்று விழக்கூடாது என்பதற்காக. இருபது வயதுப் பையனின் அவமான பயம் அது, அதைச் சொல்ல மெத் விஷயத்தைவிடத் துணிச்சல் வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னொன்று, 1992 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் இவானிசெவிச்சை ஐந்து செட்டில் வென்றுவிட்டு அப்பாவுக்குப் போன் போடுகிறார். நாலாவது செட்டை நீ விட்டிருக்கவே கூடாது என்கிறார் அப்பா. அப்புறம் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறார். அப்பாவை வில்லனாக்கி முடித்திருக்கலாம், முடிக்கவில்லை.

சரி, எழுதியது யார்? ஜே. ஆர். மோரிங்கர், 2000ல் புலிட்சர் பரிசு வாங்கிய பத்திரிகையாளர். அவருடைய சொந்த நினைவுக் குறிப்பைப் படித்துவிட்டு அகாசியே தேடிப் போயிருக்கிறார். அட்டையில் உங்கள் பெயரையும் போடலாம் என்று பலமுறை கேட்டும் அவர் மறுத்துவிட்டதை நன்றியுரையில் அகாசியே சொல்கிறார். இந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. கோஸ்ட் ரைட்டரை வைத்துக்கொண்டு, எல்லாம் நானே இரவு கண்விழித்து எழுதினேன் என்பது போல் நடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மோரிங்கரின் கை தெரிகிறது, நன்மைக்கும் தீமைக்கும். முழுப் புத்தகமும் நிகழ்காலத்தில் ஓடுகிறது, வசனங்களுக்கு மேற்கோள் குறியே இல்லை, அதனால் பேச்சும் நினைப்பும் ஒரே மூச்சாகக் கலந்துவிடுகின்றன. அந்தக் கடைசி யுஎஸ் ஓப்பனில் சைப்ரஸ் வீரர் பாக்தாதிஸுடன் ஐந்து செட் ஆடிவிட்டு, உள்ளே இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வலியோடு படுத்து, தொலைக்காட்சியில் தங்கள் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொள்ளும் காட்சி, கதை சொல்லத் தெரிந்தவர் தொட்டால்தான் இப்படி நிற்கும். ஆனால் ஏழு வயதுப் பையனின் நினைப்பு இவ்வளவு கச்சிதமான உவமையோடு வரும்போது எனக்கு மோரிங்கரின் குரல்தான் கேட்கிறது. நடுவில் வரும் போட்டிகள் சில இடங்களில் மனநிலைக்கு ஏற்ப வளைக்கப்பட்டவை போலவும் இருக்கின்றன: மனசு சரியில்லை, தோற்றார், மனசு தெளிந்தது, ஜெயித்தார். எதிரே நின்றவன் அன்றைக்கு நன்றாக ஆடியிருக்கலாமே!

ஒரே ஒரு இடம் உறுத்தியது. பீட் சாம்ப்ராஸ் கார் நிறுத்தும் ஊழியருக்கு ஒரு டாலர் டிப்ஸ் கொடுத்தார் என்ற கதை. தன்னைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. இருபது முறை தன்னைத் தோற்கடித்தவரின் சட்டைப்பையைத் திறந்து காட்டுவது நேர்மைக் கணக்கில் சேராது. அடுத்த பதிப்பில் அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் புத்தகத்துக்கு ஒரு குறையும் வராது.

மற்றபடி டென்னிஸ் தெரியாதவர்களுக்கும் தைரியமாகக் கொடுங்கள். என் பிரதியைத் தங்கைக்குக் கொடுத்திருக்கிறேன், அவளுக்கு டை-பிரேக்கர் என்றால் என்னவென்று தெரியாது, டிராகன் அத்தியாயத்தை முடித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தாள்.