பயிற்சி 5: 3×4 கட்டத்தில் க்யூ-லேர்னிங்

கீழே S தொடக்கம், G இலக்கு, X குழி, # சுவர். வரிசை, நெடுவரிசை இரண்டும் 0-இலிருந்து தொடங்குகின்றன; S இருப்பது (2,0).

```
.  .  .  G
.  #  .  X
S  .  .  .
```

ஏஜென்ட் மேல், வலம், கீழ், இடம் என நான்கு பக்கமும் நகரலாம். G-ஐ எட்டினால் +10, X-இல் விழுந்தால் −10. இரண்டிலும் எபிசோடு முடிந்துவிடும். மற்ற ஒவ்வொரு அடிக்கும் −1. சுவரிலோ விளிம்பிலோ முட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கும், அதற்கும் −1. α = 0.5, γ = 0.9, ε = 0.1. Q அட்டவணை முழுவதும் 0.

அ) நிரல் எழுதும் முன் கையால் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு எபிசோடுகளிலும் ஏஜென்ட் மேல், மேல், வலம், வலம், வலம் என்றே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் இந்தச் சூத்திரம்:

```
Q(s,a) ← Q(s,a) + α [ r + γ max Q(s',a') − Q(s,a) ]
```

முதல் எபிசோடு முடிந்ததும் (0,2)-இல் வலம் 5 ஆகியிருக்கும், வழியில் உள்ள மற்ற நான்கும் −0.5. இரண்டாவதில் (0,1)-இல் வலம் எவ்வளவு?

−0.5 + 0.5 × (−1 + 0.9 × 5 + 0.5) = 1.5

இலக்கின் வாசம் ஓர் எபிசோடுக்கு ஒரு கட்டம் என்றுதான் பின்னோக்கி நகர்கிறது. க்யூ-லேர்னிங்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் மற்ற நான்கு அடிகளையும் நீங்களே நிரப்புங்கள். (0,0)-இல் வலம் −0.75 வர வேண்டும். வேறு எண் வந்தால் `max` எடுத்த இடத்தைப் பாருங்கள்: (0,1)-இல் இன்னும் தொடாத செயல்களின் மதிப்பு 0, அது −0.5-ஐ விடப் பெரியது.

ஆ) இப்போது நிரல். மையம் இரண்டே வரிதான். எபிசோடு முடியும் அடியில் அடுத்த நிலையின் மதிப்பு சேரக் கூடாது.

```python
best = 0 if done else Q[s2].max()
Q[s, a] += alpha * (r + gamma * best - Q[s, a])
```

போதுமான எபிசோடுகள் ஓட்டியபின் மேல் வழியில் S-இலிருந்து மதிப்புகள் 3.122, 4.58, 6.2, 8, 10 என்று நிலைக்க வேண்டும்.

இ) அடிக்கு −1 என்பதை 0 ஆக்கி, ε-ஐயும் 0 ஆக்குங்கள். `argmax` சமமான மதிப்புகளில் முதலாவதை எடுக்கும். செயல்களின் வரிசையில் முதலில் இருப்பது மேல். ஏஜென்ட் எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொள்கிறது? −1-ஐ மட்டும் திருப்பிப் போட்டால், ε = 0-இலேயே அது எப்படி வெளியே வருகிறது? விடையை Q மதிப்புகளைக் காட்டி எழுதுங்கள்.

ஈ) இலக்குக்குக் கீழ் வழியாகவும், அதாவது (1,2) வழியாகவும், ஐந்தே அடிதான். க்யூ-லேர்னிங்குக்கு இரண்டு வழியும் சமம். ஆனால் ε = 0.1 என்றால் (1,2)-இல் நிற்கும் ஒவ்வொரு முறையும் சீரற்ற தேர்வால் குழியில் விழ 2.5% வாய்ப்பு உண்டு. `max`-க்குப் பதில் உண்மையில் எடுக்கப்போகும் அடுத்த செயலின் Q-ஐப் போட்டால் அது சார்சா. அதே ε-ஐ வைத்து, α-ஐ 0.1 ஆகக் குறைத்து, இரண்டையும் ஓட்டுங்கள். S-இல் மேல், வலம் ஆகிய இரண்டின் மதிப்புகளையும் அருகருகே எழுதி, சார்சாவில் மட்டும் அவை ஏன் பிரிகின்றன என்று விளக்குங்கள்.