நன்கொடை பெற்றமைக்கான ஒப்புகைக் கடிதம்

கோரிப்பாளையம் காலைக் கஞ்சி அறக்கட்டளை
மதுரை
நாள்: 11.01.2025

பெறுநர்
திரு. க. சோமசுந்தரம் அவர்கள்,
கே.கே. நகர், மதுரை.

பொருள்: ரூ. 50,000 நன்கொடை பெற்றுக்கொண்டமை – ரசீது எண் 0412 / 2024-25 அனுப்புதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் தந்தையாரின் நினைவாகத் தாங்கள் 09.01.2025 அன்று தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து என்இஎஃப்டி வழியாக அனுப்பிய ரூ. 50,000 (ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்) அன்றே எமது அறக்கட்டளையின் கணக்கில் வரவாகிவிட்டது. அதற்கான ரசீதை 10.01.2025 நாளிட்டு, தங்கள் பெயரிலேயே எழுதி இத்துடன் இணைத்துள்ளோம். தங்களின் பான் எண்ணும், வங்கிப் பரிவர்த்தனை எண்ணும், எமது 80ஜி அனுமதி எண்ணும் அந்த ரசீதிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், தங்கள் கணக்குக் கோப்பில் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பெரியாஸ்பத்திரி என்று நம் ஊர் மக்கள் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாகத் தங்கியிருப்போருக்குக் காலைக் கஞ்சி வழங்குவதற்கு மட்டுமே இத்தொகையைச் செலவிட வேண்டும் என்று தாங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதன்படி இது குறிப்பிட்ட நோக்கத்திற்கான நன்கொடையாகத் தனித் தலைப்பில் வரவு வைக்கப்பட்டுள்ளது. துவையலோடு சேர்த்து ஒருவருக்குக் கஞ்சி வார்க்க எங்களுக்கு 20 ரூபாய் ஆகிறது. நாளொன்றுக்கு 100 பேர் எனக் கணக்கிட்டால், தங்கள் தொகை 01.02.2025 முதல் 25.02.2025 வரை 25 நாள்களுக்குப் போதுமானதாக இருக்கும். வாடகை, சமையல் ஆளுக்கான கூலி, அலுவலகச் செலவு ஆகியவற்றிற்கு இதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கப்படாது. அரிசி, பயறு விலை இறங்கி ஏதேனும் மிச்சமானால், அத்தொகை வேறு பணிக்குத் திருப்பப்படாமல், கஞ்சி வார்க்கும் நாள்களே அதற்கேற்ப நீட்டிக்கப்படும்.

தங்கள் பணம் யாரைச் சென்றடைகிறது என்பதையும் சொல்ல விரும்புகிறோம். தேனி, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மகளைப் பிரசவத்திற்குச் சேர்த்துவிட்டு, இரவெல்லாம் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்த தாய்மார் விடியற்காலையில் தூக்குவாளியோடு வரிசையில் வந்து நிற்கிறார்கள். நோயாளிக்கு மருத்துவமனையிலேயே உணவு கிடைத்துவிடுகிறது. உடனிருப்பவரோ பெரும்பாலும் ஊர் திரும்பும் பேருந்துக் கட்டணத்தை எண்ணியே காலை வேளையைப் பட்டினியாகக் கழிக்கிறார். அந்த ஒரு வேளையைத்தான் தாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இதற்காகத் தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். பெயர்ப் பலகை எதுவும் வைக்க வேண்டாம் என்ற தங்கள் விருப்பப்படியே நடந்துகொள்வோம்.

வருமான வரி தொடர்பாகச் சில விவரங்கள்: இந்நன்கொடை 2024-25 நிதியாண்டைச் சேர்ந்தது, ஆகவே 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்கில் தாங்கள் காட்ட வேண்டியது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின் கீழ், சட்டம் வகுத்துள்ள வருமான உச்சவரம்புக்கு உட்பட்டு, நன்கொடையில் 50 விழுக்காட்டுக்குக் கழிவு கோரலாம். எனினும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே இக்கழிவு பொருந்தும் என்பதைத் தங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். கழிவு கோருவதற்கு இந்த ரசீது மட்டும் போதாது. நாங்கள் வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் விவரங்களைத் தாக்கல் செய்த பிறகு கிடைக்கும் 10பிஇ சான்றிதழே அதற்கு ஆதாரமாகும். அதனை 31.05.2025க்குள் தங்களுக்கு அனுப்பிவைப்போம். அதுவரை ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் மருமகள் 06.01.2025 அன்று நேரில் கொண்டுவந்து கொடுத்த 25 கிலோ பொன்னி அரிசி மூட்டைகள் இரண்டும் எங்கள் இருப்புப் பதிவேட்டில் அவர் பெயரில் ஏற்றப்பட்டுள்ளன. பொருளாக அளிக்கப்படும் நன்கொடைக்கு 80ஜி கழிவு கிடையாது என்பதால், அதன் மதிப்பு மேற்கண்ட ரூ. 50,000இல் சேர்க்கப்படவில்லை, அதற்குத் தனியே ஒரு பொருள் ஒப்புகைச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.

ரசீதில் உள்ள பெயர், முகவரி, பான் எண் ஆகியவற்றைத் தயவுசெய்து சரிபார்த்து, பிழை இருப்பின் 31.03.2025க்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் தங்கள் நன்கொடை துறையின் பதிவில் தங்கள் பெயரில் வராமல் போகும். செலவு விவரமும் கொள்முதல் பில்களின் நகலும் மார்ச் மாத முதல் வாரத்தில் தங்கள் முகவரிக்கு அனுப்பப்படும். விரும்பினால், பிப்ரவரியில் எந்த நாளிலும் காலை 6 மணிக்கு நேரில் வந்து, தங்கள் கையாலேயே கஞ்சி வார்க்கலாம்.

இப்படிக்கு,
இரா. முத்துலட்சுமி
பொருளாளர்

இணைப்பு: 1. ரசீது எண் 0412 / 2024-25 (அசல்)
2. அரிசி பெற்றமைக்கான பொருள் ஒப்புகைச் சீட்டு