சின்னம்மாவுக்கு: பற்றன் உறையின் தமிழ் விளக்கம்

சின்னம்மா,

தங்கச்சியின் சட்டைப் பற்றனைப் படம் எடுத்து ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய ஐந்து படங்களையும் பெரிதாக்கிப் பார்த்து எழுதியிருக்கிறேன். பற்றன் தாள் பெரியப்பாவோடு கோண்டாவிலுக்கு வந்துவிட்டதாக அம்மா சொன்னா. அளவு எதையும் படத்திலிருந்து எடுக்காதீர்கள். சரித்துப் பிடித்த படத்தில் ஒரு பக்கம் சுருங்கித்தான் தெரியும். படம் வாசிப்பதற்கு, தாள் வெட்டுவதற்கு.

துணியில் கத்தரிக்கோல் வைக்க முன் ஒன்று. இந்தப் பற்றனில் தையலுக்கு விடும் அளவு ஏற்கனவே உள்ளே இருக்கிறது. இரண்டாம் படத்தின் மேல்வரி அதைத்தான் சொல்கிறது: வேறு குறிப்பு இல்லாத எல்லாத் தையலுக்கும் 5/8 அங்குலம். ரேப்பில் ஐந்து நூல், அதாவது அரை அங்குலத்துக்கு மேல் ஒரு நூல். படத்தில் வெளிச்சம் விழுந்து 5 மங்கி 3 மாதிரித் தெரியும், பக்கத்தில் 1.5 செ.மீ. என்று இருப்பதால் 5 தான். 3/8 என்றால் 1 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். நீங்கள் வழக்கமாகச் செய்வதுபோல் கோட்டுக்கு வெளியே ஒரு அங்குலம் விட்டு வெட்டி, பிறகு 5/8இல் தைத்தால் ஒவ்வொரு பக்கத் தையலிலும் சட்டை இரண்டு அங்குலம் பெருக்கும். கோட்டிலேயே வெட்டுங்கள்.

பிறகு பிரித்துவிட இடம் வேண்டும் என்பீர்கள், அது நியாயம்தான். அப்படியென்றால் உடம்பின் பக்கத் தையலில் மட்டும் 3/8 கூட்டி, அங்கே ஒரு அங்குலம் உள்ளே தைக்கலாம். தைக்கும் கோட்டைச் சோக்கால் போட்டுவிடுங்கள். கழுத்திலும் கைக்குழியிலும் கூட்ட வேண்டாம், கழுத்துப்பட்டியும் கையும் பொருந்தாது.

உறையின் பின்பக்கம்

அளவு அட்டவணை உடம்பின் அளவு, தைத்த சட்டையின் அளவு அல்ல. தங்கச்சிக்கு மார்பு 36, இடுப்பு 30, பின்புறம் 38. மார்பும் பின்புறமும் 14ஆம் எண்ணுக்குச் சரி, அதன் இடுப்பு மட்டும் 28. 16இன் இடுப்புத்தான் 30. ஆகவே கைக்குழியடியில் 14இன் கோட்டில் தொடங்கி, இடுப்பில் 16இன் கோட்டுக்கு மெதுவாக வளைத்து, திரும்ப 14க்கு வாருங்கள். முன்துண்டிலும் பின்துண்டிலும் ஒரே மாதிரி. 14 என்பது கடைச் சட்டையின் 14 அல்ல, அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மார்புக்கு நேரே வட்டத்துக்குள் சிலுவை போட்ட குறி இருக்கும். அதன் பக்கத்தில் உள்ளதுதான் தைத்து முடித்த அளவு. அது 36ஐ விடக் கூடவாக இருக்கும், அசைய விட்ட இடம் அது.

துணிக் கணக்கில் ஒரு நட்சத்திரம் போட்டது ஒரே திசையில் வைக்க வேண்டிய துணிக்கு, இரண்டு நட்சத்திரம் போட்டது எந்தத் திசையிலும் வைக்கக்கூடியதற்கு. நீங்கள் பார்த்து வைத்த பொப்ளினில் பூ எல்லாம் மேல்நோக்கி நிற்பதால் ஒரு நட்சத்திர வரி. 45 அங்குல அகலத்துக்கு 3 3/8 யார் என்கிறது, 3.1 மீற்றர் வரும். பருத்தி சுருங்கும், 3.3 வாங்கி நனைத்துக் காயவைத்து அயன் பண்ணிவிட்டு வெட்டுங்கள். சிப் 22 அங்குலம், கழுத்துப்பட்டிக்கு ஒட்டும் கன்வஸ் அரை மீற்றர் போதும்.

தாளில் உள்ள குறிகள்

இரு முனையிலும் அம்பு உள்ள நீளக் கோடு நூலோட்டம். அதைத் துணியின் கரைக்குச் சமாந்தரமாக வையுங்கள். அம்பின் இரண்டு முனையிலிருந்தும் கரைவரை அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகே ஊசி குத்துங்கள். முன்துண்டில் அம்பு இருபுறமும் மடங்கி விளிம்பைக் காட்டும். 'பிளேஸ் ஒன் போல்ட்' என்று எழுதியிருப்பதும் அதைத்தான்: அந்த விளிம்பைத் துணியின் மடிப்பில் வைக்க வேண்டும். அங்கே வெட்டக்கூடாது, தையலுக்கும் ஒன்றும் விடக்கூடாது.

வெட்டும் கோட்டில் உள்ள சின்ன முக்கோணங்கள் பொருத்தும் அடையாளங்கள். ஒற்றை முன்பக்கம், இரட்டை பின்பக்கம். கையில் இரண்டும் இருக்கும், முன் எது பின் எது என்று அதை வைத்தே தெரியும். முக்கோணத்தை வெளிப்புறமாக விட்டு வெட்டுங்கள். உள்ளே கொத்தினால் 5/8இல் பாதி போய்விடும். குறுக்காகப் போகும் இரட்டைக் கோடு நீளம் கூட்டவோ குறைக்கவோ உள்ள இடம். தங்கச்சி கட்டை என்பதால் அங்கே மடித்துக் குறைக்கலாம், முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு. கீழ்விளிம்பில் மட்டும் வெட்டினால் இடுப்பு கீழே தொங்கும்.

துணி விரிக்கும் படத்தில் வெள்ளையாக இருப்பது தாளின் அச்சுப்பக்கம் மேலே, கோடு போட்டது அச்சுப்பக்கம் கீழே. மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் துணியை விரித்து வெட்ட வேண்டும். கடைசியாக வெட்டுவதற்கு இடம் விட்டு வையுங்கள்.

தைக்கும் முறை

1. கழுத்தையும் கைக்குழியையும் வெட்டிய விளிம்பிலிருந்து 1/2 அங்குலத்தில் ஒற்றைத் துணியாக ஒரு ஓட்டம் தைக்கவும். (வளைவு இழுபடாமல் இருக்கத்தான். 5/8க்கு ஒரு நூல் வெளியே நிற்பதால் பிறகு பிரிக்கவும் தேவையில்லை. இதைத் தவிர்க்காதீர்கள்.)

2. டாட்: நல்ல பக்கங்கள் உள்ளே வர மடித்து, சிறு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று வர, அகலப் பக்கத்திலிருந்து முனைக்குத் தைக்கவும். மார்பு டாட்டைக் கீழ்நோக்கியும் இடுப்பு டாட்டை நடுப்பக்கமாகவும் சரித்து அயன் பண்ணவும்.

3. பின் நடுத்தையல்: பெரிய வட்டத்திலிருந்து கீழ்விளிம்புவரை தைக்கவும். வட்டத்துக்கு மேலே சிப்.

4. தோளும் பக்கமும் இணைக்கவும். முக்கோணங்கள் பொருந்த வேண்டும்.

5. கழுத்துப்பட்டியை நல்ல பக்கம் நல்ல பக்கமாக வைத்து 5/8இல் தைத்து, தையல் துணியை 1/4 அங்குலமாகக் குறைத்து, வளைவில் தையல்வரை கொத்தி விடவும். தையலை வெட்டக்கூடாது. பட்டியை விரித்துப் பிடித்து, பட்டியையும் தையல் துணியையும் சேர்த்து மட்டும் விளிம்போரமாக ஒரு ஓட்டம். (பட்டி வெளியே எட்டிப் பார்க்காது.)

6. கை: முக்கோணங்களுக்கு நடுவே மேல்வளைவில் 5/8இல் ஒரு நீளத் தையல், 3/8இல் இன்னொன்று. நூலை மெதுவாக இழுத்துக் கைக்குழிக்குள் அடக்கவும். மேலே உள்ள புள்ளி தோள் தையலில் வரும். சுருக்கு விழக்கூடாது, வளைவு மட்டும்தான் உப்ப வேண்டும். கைக்குழிச் சுற்றைத் தைத்தபின் 1/4 உள்ளே தள்ளித் தையல் துணிக்குள் இரண்டாவது ஓட்டம்.

ஐந்தாம் படத்தில் கடைசி வரி வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அது கீழ்விளிம்பு மடிக்கும் அளவு. மருமகளிடம் இன்னொரு படம் கேட்டிருக்கிறேன். அதுவரை முன்துண்டின் தாளில் அடிவிளிம்புக்கு மேலே ஒரு கோடும் பக்கத்தில் ஒரு அளவும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதுவே போதும். சட்டையை ஒரு இரவு கொழுவி விட்டுப் பிறகு மடியுங்கள். துண்டுகளைத் தாளோடு குத்திய பிறகு ஒரு படம் எடுத்து அனுப்பினால் வெட்ட முன் நானும் ஒருக்கால் பார்த்துவிடுவேன்.