அப்பா தன் மகளுக்காகக் காத்திருக்கிறார்

அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. விசாரிக்க வருபவர்கள், "உள்ளுக்குள்ள உன்னைத் தெரியும்மா, சொல்லத்தான் முடியல" என்பார்கள். பிரியத்தில் சொல்வதுதான். ஆனால் தினமும் பக்கத்தில் இருப்பவள் நான். "ரொம்ப நேரமா இருக்கீங்களே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்று என்னிடம் அக்கறையாகக் கேட்பவருக்கு நான் யாரென்று தெரியவில்லை. அதை இல்லையென்று மூடி மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் தன் மகளை அவர் மறக்கவில்லை. பொழுது சாய்ந்தால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். "பாப்பா இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரலையே." அவர் மனசில் எனக்கு எட்டு வயது. எனக்கு நிஜத்தில் 52.

புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை கடைசிவரை தாக்குப்பிடிக்கும் என்று தியோடுல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் 1881-லேயே எழுதினார். புது அனுபவங்களை நினைவாகப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை, அப்பாவுக்கு வந்திருக்கும் அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்பா என்னைத் தள்ளிவிடவில்லை. என் நரைத்த முடியும் கண்ணாடியும் அவரிடம் இருக்கும் சின்ன முகத்தோடு பொருந்தவில்லை, அவ்வளவுதான். "நான்தாம்பா அது" என்று சொன்னால் பயந்துபோகிறார். யாரோ ஏமாற்ற வந்த மாதிரி கையை இழுத்துக்கொள்கிறார். அதனால் நான் சொல்வதில்லை. "வந்துடுவா, அதுவரைக்கும் நான் கூட இருக்கேன்" என்கிறேன். அதில் பொய் பாதி என்றால், இருக்கேன் என்பது முழு உண்மை.

அம்மாவைக் கேட்கும்போதுதான் கஷ்டம். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. சொன்னால் அன்றைக்குத்தான் போன மாதிரி அழுவார். அந்தத் துக்கத்தை அவருக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்க எனக்கு மனசில்லை. "அவங்க எப்படி இருப்பாங்க, சொல்லுங்க" என்று கேட்பேன். சொல்வார். சொல்லிக்கொண்டே அமைதியாகிவிடுவார்.

எல்லா நாளும் இப்படிப் போவதில்லை. சில சாயங்காலங்களில் "வெளிய போடி, யாருடி நீ என் வீட்ல?" என்று கத்துவார். இந்த நோயில் அந்த வேளைக்குக் குழப்பம் கூடுவது சகஜம் என்று தெரியும். தெரிந்தும் வலிக்கிறது. அவர் தூங்கியதும் எனக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த எட்டு வயதுப் பெண்மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது. அவள் ஒன்றும் செய்யாமலே அவ்வளவு பிரியத்தையும் வாங்கிக்கொள்கிறாள்.

அப்பா அச்சகத்தில் அச்செழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வாசிக்கத் தெரிந்த கண். இன்றைக்கும் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் விரல் வரிவரியாக நகரும். "இங்க ஒற்று விட்டுப்போச்சு பாருங்க" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். என்ன செய்தி வாசித்தார் என்று கேட்டால் தெரியாது. இப்படிப்பட்டவரைக் 'குழந்தை மாதிரி ஆகிட்டார்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று வருகிறது. குழந்தைக்கு இந்தக் கண் வருமா? 83 வயது மனிதர். சட்டை மாற்றுவதற்கு முன்னால் அவரிடம் அனுமதி கேட்கிறேன்.

நான் வளர்ந்த காலத்தில் அப்பா அதிகம் பேச மாட்டார். ராத்திரி வேலை முடிந்து வருவார், படுப்பார், எழுந்து போவார். எங்கள்மேல் பெரிதாகக் கவனம் இல்லை என்றே நினைத்திருந்தேன். போன மாதம் என்னிடம், அதாவது பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாளிடம், சொன்னார்: "ராத்திரி வேலை முடிஞ்சு வந்ததும் பாப்பா மூக்குகிட்ட விரலை வெச்சுப் பார்ப்பேன். மூச்சு வருதான்னு. தினமும். அவகிட்ட சொல்லிடாதீங்க. அப்பா பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுக்குவா."

சொல்லலை என்று வாக்குக் கொடுத்தேன்.

மகளாக அவர் என்னைப் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். அதற்காக இழந்ததற்கு இது ஈடாகிவிடாது. அவர் ஒருமுறை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், இதையெல்லாம் தெரியாமலே இருந்துவிடுவேன்.

இப்போது அவர் வாக்கியங்களும் சுருங்கி வருகின்றன. பாதியில் நின்று, வார்த்தைக்காகத் தவிக்கிறார். பேச்சும் மெல்லக் குறையும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் கேட்க முடிந்ததையெல்லாம் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்க பாப்பா எதுக்குச் சிரிப்பா? கோபம் வந்தா என்ன செய்வா? மனசு வந்தால் பதில் சொல்கிறார். வராவிட்டால், அப்புறம் கேட்கிறேன்.